அந்தத் தோட்ட நிகழ்ச்சிக்கு என்ன பெயர்? உள்ளூர் வானொலி, வீடியோ நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் சமூக வானொலியில் செவ்வாய்க்கிழமை மாலை 6.30க்கு அரை மணி நேரத் தோட்ட நிகழ்ச்சி ஒன்று போகிறது. வெங்காயம், மிளகாய், பீட்ரூட், கோவா போடுகிறவர்களுக்கானது. அதே உரையாடலைத் தோட்டத்தில் வைத்து வீடியோவாகவும் எடுத்து, மறுநாள் யூடியூபில் போடுகிறோம். தொடங்கும்போது அதற்கு ‘வேளாண் சாளரம்’ என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான். ஒரு நாள் பின்னேரம் நிலையத்துக்கு அழைப்பெடுத்த ஐயா ஒருவர், “தம்பி, அந்தச் செவ்வாய்க்கிழமை வாறது... வெங்காயத்தைப் பற்றிக் கதைக்கிறது... அதிலை போன கிழமை சொன்ன மருந்து என்ன?” என்று கேட்டார். நிகழ்ச்சியை அவர் விடாமல் கேட்கிறார். பெயர்தான் அவருக்குத் தெரியவில்லை.

பெயரை மாற்ற எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. செய்த வேலைகளை, பிழைத்த இடங்களோடு சேர்த்து, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். உங்கள் நிகழ்ச்சி தோட்டத்தைப் பற்றியதாக இல்லாவிட்டாலும் ஒழுங்கு இதுதான்.

1. இப்போது என்ன பெயரால் கூப்பிடுகிறார்கள்?

புதுப் பெயர் யோசிக்க முதல் பழைய வட்ஸ்அப் குரல் பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். நேயர்கள் உங்கள் நிகழ்ச்சியைக் குறிப்பிடும் இடங்களை மட்டும் சொல் மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். எங்களிடம் இருபதுக்கு மேல் இருந்தன. இரண்டில் மட்டும் ‘சாளரம்’ என்ற சொல் வந்தது. அதில் ஒன்று, எங்கள் இன்னொரு நிகழ்ச்சியான ‘இலக்கியச் சாளர’த்தை நினைத்துச் சொன்னது. மற்றவர்கள் எல்லோரும் ‘தோட்ட நிகழ்ச்சி’, ‘வெங்காய நிகழ்ச்சி’, ‘செவ்வாய்க்கிழமை வாறது’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இந்தத் தாள் முக்கியம். நேயர் தானாக வைத்துக்கொண்ட பெயரில் அவருக்கு எது தேவை என்பது இருக்கிறது. எங்கள் தாளில் ‘வேளாண்’ என்ற சொல் ஒருமுறைகூட இல்லை, ‘தோட்டம்’ திரும்பத் திரும்ப இருந்தது. யாழ்ப்பாணத்தில் வயல் என்றால் நெல்லு, தோட்டம் என்றால் மற்றதெல்லாம். அந்த வேறுபாட்டை ‘வேளாண்’ என்ற சொல் அழித்துவிடுகிறது.

2. நிகழ்ச்சி நிரலில் ஏற்கெனவே தேய்ந்துபோன சொற்கள்

அடுத்ததாக, உங்கள் நிலையத்தின் ஒரு கிழமை நிரலை எடுத்து ஒவ்வொரு பெயரின் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் தனித்தனியே எழுதுங்கள். அதே நேரத்தில் மற்ற நிலையங்களில் என்ன போகிறது என்பதையும், உங்கள் நேயர்கள் பார்க்கும் உள்ளூர் யூடியூப் பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை.

எங்கள் பட்டியலின் கடைசிச் சொற்களில் சாளரம், களம், அரங்கம், சங்கமம், பூக்கள், தென்றல் என்று ஒரே கூட்டம். எங்கள் நிலையத்திலேயே மூன்று சாளரங்கள் இருந்தன. முதற்சொற்களில் ‘யாழ்’ எல்லாவற்றையும் வென்றது. யாழ்ப்பாணத்துக்குள் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து நேயருக்குச் செய்யும் நிகழ்ச்சியில் ‘யாழ்’ என்ற சொல் எதையும் பிரித்துக் காட்டாது. ரொறன்ரோவில் இருந்து பார்ப்பவருக்கு அது உதவும், சுன்னாகத்தில் கேட்பவருக்கு உதவாது. வெளிநாட்டுப் பார்வையாளர்தான் உங்கள் இலக்கு என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் இருந்து இரண்டு கட்டுப்பாடுகள் கிடைக்கும். கூட்டமாக இருக்கும் கடைசிச் சொல் எதையும் தொடக்கூடாது. உங்களுக்கு முன்னும் பின்னும் போகிற நிகழ்ச்சிகளின் முதல் எழுத்தில் உங்கள் பெயர் தொடங்கக்கூடாது. வானொலியில் நேயர் பெயரை முழுதாகக் கேட்பது குறைவு. முதல் அசை காதில் விழும்போதே ‘இது அது’ என்று முடிவு கட்டிவிடுவார். எங்களுக்கு முன்னால் செய்தி, பின்னால் ஒரு பக்தி நிகழ்ச்சி. ஆகவே ‘செ’, ‘ப’ இரண்டும் விலக்கு.

இலங்கை வானொலியின் பழைய பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘பொங்கும் பூம்புனல்’ என்ற காலை நிகழ்ச்சியின் பெயரில் காலையும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் இரண்டு சொல்லும் பகரத்தில் தொடங்குகின்றன. பாதி காதில் விழுந்தாலும் மிச்சத்தை வாய் தானாகச் சொல்லிவிடும். அப்துல் ஹமீது நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ வேறு விதம். அந்தப் பெயரிலேயே விளையாட்டின் விதி இருக்கிறது. இவற்றைப் பார்த்து ‘பூக்கும் புதுவசந்தம்’ போல மோனையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் இன்றைக்குப் பலர் செய்யும் பிழை. மோனை எல்லாப் பெயரிலும் வந்துவிட்டால் அதுவும் தேய்ந்ததுதான்.

3. பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், பொறுக்குங்கள்

‘எங்கள் நிகழ்ச்சிக்கு ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்’ என்று நேயரிடம் கேட்டோம். ‘உழவர் குரல்’, ‘பசுமைச் சோலை’, ‘மண்வாசனை’ என்று வந்து குவிந்தன. பெயர் கேட்டால் மனிதர் வானொலிக்காரர் போலத்தான் யோசிப்பார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி என்று அதை விட்டுவிட்டு இரண்டு நாள் காலையில் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் போனோம். தோட்டக்காரர் மரக்கறியை இறக்கிவிட்டு விலை பேசும் நேரம். நாங்கள் கேட்டது நிகழ்ச்சியைப் பற்றி அல்ல. ‘நேற்று என்ன வேலை?’, ‘இப்ப எங்கை இருந்து வாறியள்?’ இவ்வளவுதான். அவர்கள் பதிலில் வந்த தொழிற்சொற்களையும் இடச்சொற்களையும் ஒரு கொப்பியில் குறித்தோம். முப்பது வரை சேர்ந்தன. நிகழ்ச்சிப் பெயராக நிற்கக்கூடியவை என்று எடுத்தது ஆறு: இறைப்பு, பாத்தி, வாய்க்கால், செம்பாடு, கிணத்தடி, தோட்டத்தடி. பாத்தியும் செம்பாடும் விலக்கிய எழுத்துகளில் தொடங்கினாலும் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டோம். ‘வெங்காயம்’ என்று வைப்போமா என்று தயாரிப்புக் குழுவில் ஒருவர் கேட்டார். அது ஒருவரை ஏசும் சொல்லாகவும் இருப்பதால் அறிவிப்பாளர் சிரிக்காமல் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டோம்.

4. காதுச் சோதனை

இதைத் தாளில் செய்யக்கூடாது. தாளில் எல்லாப் பெயரும் நன்றாகத்தான் இருக்கும். அறிவிப்பாளரைக் கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒரு முழு வசனத்துக்குள் வைத்துப் பதிவு செய்யுங்கள்: “நேரம் மாலை ஆறு முப்பது. இப்போது ...” என்று. பிறகு அந்தப் பதிவைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பில் போட்டு, மறுபக்கம் இருப்பவரிடம் கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு பேர் போதும். ஒருவராவது அறுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும். ஒருவராவது குசினியில் சட்டி சத்தத்துக்கு நடுவில் நிற்கட்டும். ஒரு தடவைதான் போடலாம்.

அழைப்பில் ஏன் என்றால், சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மையான ஒலிகளில் ஒரு பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அழைப்பில் தப்பும் பெயர், கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கரிலும் தண்ணீர் மிஷின் சத்தத்திலும் பெரும்பாலும் தப்பும்.

எனக்கு மிகவும் பிடித்திருந்த பெயர் ‘இறைப்பு’. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். சுருக்கமானது, வேறு எந்த நிகழ்ச்சியிலும் இல்லாதது. முதல் அழைப்பிலேயே ஒரு அக்கா கேட்டார்: “ஆற்றை இறப்பு?”

அத்தோடு அது முடிந்தது. மரண அறிவித்தல்களை வானொலியில் காது கொடுத்துக் கேட்கும் ஊரில், ‘இப்போது இறைப்பு’ என்று அறிவித்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு மாதம் மேசையில் இருந்து யோசித்தும் நாங்கள் காணவில்லை. ‘றை’யின் ஐகாரம் வேகமான பேச்சில் குறுகி அகரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பெயரின் நடுவில் ஐகாரம் இருந்தால் இந்தச் சந்தேகம் எப்போதும் வரவேண்டும்.

‘பாத்தி’யை ஒருவர் ‘பாட்டி’ என்றார், இன்னொருவர் ‘பாதி’ என்றார். ஈரசைப் பெயரில் ஒரு மெய் நழுவினால் முழுச் சொல்லும் வேறாகிவிடும். நான்கு அசை இருந்தால் ஒன்று நழுவினாலும் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும். அதேபோல ல, ள, ழ வேறுபாட்டிலோ ர, ற வேறுபாட்டிலோ பொருள் தங்கியிருக்கும் பெயரையும் வைக்காதீர்கள். ‘வளம்’ என்று நீங்கள் வைத்தால் பாதிப் பேர் ‘வலம்’ என்று எழுதித் தேடுவார்கள்.

5. உருபு ஒட்டிப் பார்த்தல்

பெயர் வைப்பவர்கள் மறக்கும் இடம் இது. அறிவிப்பாளர்தான் பெயரைத் தனியாகச் சொல்வார். நேயர் ஒருபோதும் தனியாகச் சொல்லமாட்டார். ‘அதிலை கேட்டனான்’, ‘அதுக்கு எடுத்துச் சொல்லு’, ‘அதின்ரை வீடியோ’ என்று உருபு ஒட்டித்தான் அவர் வாயில் வரும். ஆகவே ஒவ்வொரு பெயரிலும் இல், கு, இன் மூன்றையும் ஒட்டிச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

‘வேளாண் சாளரம்’ உருபு ஏறியதும் ‘சாளரத்தில்’ ஆகிவிடுகிறது. மகர ஈற்றுப் பெயர்கள் எல்லாம் இப்படி வால் மாறும். ‘செம்பாடு’ என்பது ‘செம்பாட்டில்’ ஆகிறது. நேயர் பேசும் வடிவமும் அறிவிப்பாளர் சொல்லும் வடிவமும் இரண்டாகிவிடும். இது பெரிய குற்றம் இல்லை, ஆனால் புதுப் பெயர் ஊன்றும் காலத்தில் சுமைதான். வசனமாகவே வைக்கும் பெயர்கள் இதைவிட மோசம். ‘வாங்கோ கதைப்பம்’ என்று ஒரு வீடியோ நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்க நினைத்த நண்பரிடம், “வாங்கோ கதைப்பத்திலை கேட்டனான் என்று சொல்லிப் பார்” என்றேன். அவர் சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றினார். அப்படிப்பட்ட பெயரைத் தொடக்க வரியாக வைத்துக்கொள்ளலாம், அந்த இடத்தில் அது நன்றாக இருக்கும்.

இகரத்தில் முடியும் பெயருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கிணத்தடி, கிணத்தடியில், கிணத்தடிக்கு, கிணத்தடியின்ரை. பெயர் முழுதாக உள்ளே இருக்கிறது. இங்கே ‘அடி’ என்ற ஈறு எல்லோருடைய வாயிலும் பழகியது. நெல்லியடி, கைதடி என்ற ஊர்ப் பெயர்கள் இருக்கட்டும், ‘கோயிலடியிலை நில்லு’, ‘சந்தியடிக்கு வா’ என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். அதனால் ‘அடி’யில் முடியும் பெயர் நேயருக்கு ஒரு நிகழ்ச்சியாக இல்லாமல் போய் நிற்கும் இடமாகக் கேட்கும். எங்கள் நிரலில் வேறு எதுவும் அப்படி முடியவுமில்லை.

6. ஊர் அந்தச் சொல்லை எப்படி நினைவில் வைத்திருக்கிறது

காதும் இலக்கணமும் பார்த்தாயிற்று. அப்புறம், எஞ்சிய பெயர்களை வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது, வெவ்வேறு சமூகப் பின்னணி உள்ளவர்களிடம் ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கூட்டமாக வைத்துக் கேட்டால் உண்மை வராது. ‘பெயர் நல்லதா?’ என்று கேட்கவும் வேண்டாம். ‘இந்தச் சொல்லைக் கேட்டவுடன் என்ன நினைவு வருகுது?’ என்று மட்டும் கேளுங்கள்.

‘வாய்க்கால்’ என்றதும் கேட்ட எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள். தோட்டத்து வாய்க்கால் யாருக்கும் நினைவு வரவில்லை, 2009இன் முள்ளிவாய்க்கால்தான் வந்தது. கேட்டிருக்கவே தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

‘செம்பாடு’ வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் போடுபவர்களுக்குப் பெருமையான சொல். தென்மராட்சியில் இருந்து வந்த இளைஞர் ஒருவர், “அப்ப எங்கடை மணல் தறைக்கு இந்த நிகழ்ச்சி இல்லையோ?” என்று கேட்டார். கேட்டது நியாயம். நிலையம் எட்டும் இடத்தில் பாதிக்குச் செம்மண் கிடையாது. பெயர் யாரை உள்ளே எடுக்கிறது என்பதோடு யாரை வெளியே விடுகிறது என்றும் பார்க்கவேண்டும். தோட்டம் செய்யாதவர் வெளியே நின்றால் பரவாயில்லை, அது நாங்கள் தெரிந்து போட்ட எல்லை. தோட்டம் செய்பவரே வெளியே நிற்பதுதான் பிழை.

‘கிணத்தடி’தான் வெல்லும் என்று எல்லோரும் நினைத்தோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரைக் கிணற்றால் எடுத்துத்தான் தோட்டமே. கிணறு இல்லாத ஊரும் இல்லை. பெயர் காதில் தப்பியது, உருபிலும் தப்பியது. அப்போது எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, நான் சின்னப் பெடியனா இருக்கேக்கை எங்களைக் கிணத்தடிக்கு விடுறேல்லை. வாளியை வைச்சிட்டுத் தள்ளி நிக்கவேணும், ஆரும் வந்து ஊத்துவினம்.” கோபமாகச் சொல்லவில்லை. என்ன நினைவு வருகுது என்று கேட்டோம், வந்ததைச் சொன்னார்.

குழுவில் சிலர் அது பழைய கதை, இப்போது யாருக்கும் அப்படித் தோன்றாது என்றார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ‘கிணத்தடிக்கு வாங்கோ’ என்று நாங்கள் அழைக்கப்போகிறோம், அந்த அழைப்பு ஒருவருக்கு மட்டும் வேறு மாதிரிக் கேட்கும். வேறு பெயர் கையில் இல்லாவிட்டால் வாதாடியிருக்கலாம், இருந்தது. ‘தோட்டத்தடி’ ஆறு அழைப்பிலும் சரியாகத் திரும்பி வந்தது. முதல் அசை நெடில், அதனால் சத்தத்திலும் காதில் விழும். நேயரின் தாளில் நாங்கள் கண்ட ‘தோட்டம்’ அதற்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் மட்டும், ‘ஆள் தோட்டத்தடியிலை’ என்றால் வீட்டில் இல்லை என்று அர்த்தம் என்று பகிடி விட்டார். நல்லது, நிகழ்ச்சியும் அங்கேதான் நடக்கிறது.

7. திரையில் அந்தப் பெயர்

வீடியோவுக்கு வந்தால் இன்னொரு கண்டம். பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள், யாழ்ப்பாணத்து எழுத்துக்கூட்டல் தனி. வட்டுக்கோட்டை நமக்கு Vaddukoddai. தமிழ்நாட்டு வழக்கில் அதே ட்டகரம் tt ஆகும். எனவே எங்கள் பெயர் இங்கே Thoddathadi, அங்கே Thottathadi. பெயரை உறுதிசெய்ய முதல் நாலைந்து பேரிடம் பெயரை வாயால் சொல்லி, அவர்கள் தொலைபேசியில் அவர்களையே தட்டவிடுங்கள். எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு விதம் என்றால் சமாளிக்கலாம். ‘யாழ்’ போல Yazh, Yaal, Yarl, Yal என்று போனால் சிரமம்.

அதிகம் பேர் எழுதும் வடிவத்தை யூடியூப் முகவரிப் பெயராக எடுங்கள், @thoddathadi என்பது போல. அதற்கு 3 முதல் 30 எழுத்து வரை இடம் உண்டு. மற்ற வடிவத்தை ஒவ்வொரு வீடியோவின் விவரத்திலும் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். முடிவெடுக்க முதல் தமிழிலும் இரண்டு ஆங்கில வடிவத்திலும் யூடியூப், பேஸ்புக் இரண்டிலும் தேடிப் பார்க்கவேண்டும். அதே பெயரில் தோட்டப் பக்கம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், அது கனடாவில் இருந்து வந்தாலும் சரி.

வீடியோத் தலைப்புக்கு யூடியூப் தரும் இடம் 100 எழுத்துக் குறிகள். தமிழில் அது வேகமாகத் தீரும். ‘தோட்டத்தடி’ கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறி, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனியாக எண்ணப்படும். தொலைபேசித் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்படவும் செய்யும். அதனால் அந்த நாளின் விடயத்தை முன்னால் போட்டு, நிகழ்ச்சிப் பெயரைப் பின்னால் வைக்கிறோம்: ‘வெங்காயத்தில் நுனி கருகுவது ஏன்? | தோட்டத்தடி’. பெயர் வெட்டுப்பட்டாலும் பயமில்லை, முகப்புப் படத்தின் இடது மேல் மூலையில் எப்போதும் ஒரே நிறத்தில் அது இருக்கும். வலது கீழ் மூலையில் வைக்காதீர்கள், அங்கே யூடியூப் வீடியோவின் நேரத்தை ஒட்டிவிடும். நாங்கள் முதல் மூன்று வீடியோவில் அங்கேதான் வைத்திருந்தோம்.

8. ஒலியோடு கட்டி, திரும்பத் திரும்பச் சொல்லி

பெயர் மட்டும் தனியே ஊன்றாது. எங்கள் தொடக்கம் ஒன்பது வினாடி. தண்ணீர் மிஷினை இழுத்து விடும் சத்தம், அது பிடித்து ஓடத் தொடங்கும் சத்தம், அப்புறம் ஒரு பெண் குரல் “தோட்டத்தடி” என்று மட்டும் சொல்லும். அதில் இசை இல்லை. நிரலில் மற்ற எல்லாம் இசையோடு தொடங்குவதால் மிஷின் சத்தமே அடையாளமாகிவிட்டது. வீடியோவிலும் அதே ஒலி, அதே குரல்.

அரை மணி நேரத்தில் பெயரை ஆறு தடவை சொல்கிறோம். தொடக்கத்தில், இரண்டு இடைவேளைகளுக்கும் முன்னும் பின்னும், முடிவில். இடையில் வானொலியைப் போடுபவருக்கு இடைவேளைதான் வாசல். தொகுப்பாளர் பெயரைத் தனியாகச் சொல்லாமல் வசனத்துக்குள் வைத்துச் சொல்லவேண்டும், “தோட்டத்தடியில் இப்போது அச்சுவேலியில் இருந்து ஒரு கேள்வி” என்பது போல. நேயர் திருப்பிச் சொல்லும் வடிவமும் அதுதான்.

தொகுப்பாளரின் பெயரை நிகழ்ச்சிப் பெயரோடு ஒட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சி அப்படி ஓடியது. அண்ணை ஒரு நாள் வீசா கிடைத்து வெளிநாடு போனார், நிகழ்ச்சியும் அவரோடு போய்விட்டது.

9. மாற்றும் காலமும் சரிபார்ப்பும்

ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியின் பெயரை ஒரே நாளில் வெட்டக்கூடாது. ஆறு கிழமை, “தோட்டத்தடி, முன்பு வேளாண் சாளரம்” என்று தொடக்கத்தில் மட்டும் சொன்னோம். மற்ற ஐந்து இடங்களிலும் புதுப் பெயர் மட்டும்தான். நேரத்தை மாற்றவில்லை, பெயரும் நேரமும் ஒன்றாக மாறினால் நேயர் நிகழ்ச்சி நின்றுவிட்டது என்று நினைப்பார். பழைய வீடியோக்களின் தலைப்பைத் தொடாமல் விவரத்தில் மட்டும் புதுப் பெயரைச் சேர்த்தோம். ஏற்கெனவே பகிரப்பட்டவற்றைத் தேடி வருபவர் குழம்பாமல் இருக்க அது உதவும்.

இரண்டு மாதம் கழித்து முதலில் செய்த வேலையையே திரும்பச் செய்யுங்கள்: புதிதாக வந்த இருபது குரல் பதிவுகள், நேயர் சொன்ன சொல் மாறாமல் ஒரு தாள். நாங்கள் வைத்துக்கொண்ட அளவு, பாதிப் பேராவது தாங்களாகவே பெயரைச் சொல்லவேண்டும் என்பது. எங்களுக்குப் பன்னிரண்டு வந்தது. அதில் நான்கு ‘தோட்டத்தடி’ இல்லை, ‘தோட்டத்தடியிலை’. மிச்சம் எட்டுப் பேரில் பலர் இன்னும் ‘அந்த மிஷின் சத்தம் வாற நிகழ்ச்சி’ என்றுதான் சொல்கிறார்கள். அதனால் மிஷின் சத்தம் ஓயும் வரை காத்திராமல், அது ஓடும்போதே அதற்கு மேலே பெயரைச் சொல்லும்படி தொடக்கத்தை இப்போது மாற்றிப் பதிவு செய்திருக்கிறோம்.